சோப்பில் குறையா, தண்ணீரில் குறையா?



மளிகைக் கடைக்குத் திரும்பி வரும் சரக்கில் அரிசி, பருப்பு என்றால் குறையைக் கண்ணால் பார்த்துவிடலாம். வண்டு இருக்கும், கல் இருக்கும், மக்கல் வாடை அடிக்கும். துணி சோப்பு திரும்பி வந்தால் அப்படிப் பார்த்துச் சொல்ல வழியில்லை. "நுரையே வரவில்லை, அழுக்கே போகவில்லை" என்று வாடிக்கையாளர் சொன்னால் அதை நம்பிக் கொள்ள வேண்டியதுதான். அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் சோப்பில் குறை இல்லாமலும் இருக்கலாம். இதை நாம் அறிந்துகொண்டது ஒரு தவறு செய்த பிறகுதான். அந்தத் தவறையும் அதிலிருந்து கற்றதையும் இங்கே எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வெளியே புதிதாக வந்த குடியிருப்பில் கடை வைத்திருக்கும் சில்லறை வணிகர் ஒருவர், 12 பெட்டி சோப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு நம் கடை வாசலில் வந்து இறங்கினார். இருபது வருடப் பழக்கம்.

"அண்ணாச்சி, இந்தச் சரக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாலு பொம்பளைகள் கடை வாசலில் நின்று, கலப்பட சோப்பு விற்கிறான் என்று சத்தம் போட்டுவிட்டுப் போகிறார்கள். வெள்ளை வேட்டியெல்லாம் பழுப்பாகிவிட்டதாம். எனக்குச் சோப்பு வியாபாரம் போனால் பரவாயில்லை. அவர்கள் பருப்பு வாங்கவும் வரமாட்டேன் என்கிறார்கள்" என்றார்.

சிறிய அளவில் சோப்புத் தயாரிப்பவரிடம் நாம் நேரடியாகக் கொள்முதல் செய்த சரக்கு அது. நாம் சற்றும் யோசிக்காமல் தயாரிப்பாளருக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதி, தர வேண்டிய பாக்கியையும் நிறுத்தி வைத்தோம். அவர் நேரில் வந்து, "முதலாளி, அதே நாள் காய்ச்சிய சோப்பு ஊருக்குள் உங்கள் மற்ற கடைகளிலும் போயிருக்கிறதே, அங்கே யாராவது குறை சொன்னார்களா?" என்று கேட்டார். விசாரித்தோம். ஒருவரும் சொல்லவில்லை. ஊருக்குள் உள்ளவர்களுக்குத் தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறது. புதிய குடியிருப்பில் எல்லாருக்கும் போர்வெல் தண்ணீர். அப்போதுதான் நமக்கு உறைத்தது.

நம் கடைக்கு வாடிக்கையாக வரும் வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் விவரம் கேட்டோம். அவர் சொன்னதையும், அவர் சொன்னபடி நாம் செய்து பார்த்ததையும் நமக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்கிறோம்.

தண்ணீரின் பிடிவாதம்

எண்ணெய் தடவிய தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது பரவாது. முத்துப்போல் உருண்டு நிற்கும். தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பலமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதே காரணம். உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் இழுக்கிறார்கள். மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே இழுக்க ஆள் இல்லை. ஆகவே அது உள்ளே இழுக்கப்படுகிறது. தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல் விறைப்பாகிவிடுகிறது. இதைத்தான் பள்ளிப் பாடத்தில் பரப்பு இழுவிசை என்று படித்தோம். ஒரு ஊசியை மெதுவாகப் படுக்க வைத்தால் தண்ணீரில் மிதப்பது இதனால்தான்.

சட்டைக் காலரில் படிந்திருப்பது பெரும்பாலும் உடம்பு எண்ணெய். அதோடு தூசி சேர்ந்து அழுக்காகிறது. வெறும் தண்ணீரில் முக்கினால், எண்ணெய்ப் பசை உள்ள நூலிழைகளுக்கு இடையே தண்ணீர் சரியாக நுழைவதே இல்லை. நுழைந்தாலும் எண்ணெயோடு அதற்கு உறவு இல்லை. எனவே அழுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இங்கேதான் சோப்பு வருகிறது. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு. அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலையும் ஒரு நீண்ட வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் பிடிக்கும். சோப்பு தண்ணீரில் கரைந்ததும் இந்த மூலக்கூறுகள் மேற்பரப்புக்கு ஓடி, தலையைத் தண்ணீரிலும் வாலை வெளியே காற்றிலுமாக நீட்டி வரிசையாக நிற்கின்றன. அங்கே தண்ணீர் மூலக்கூறுகளின் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. சுத்தமான தண்ணீரின் பரப்பு இழுவிசை 72 என்ற அளவில் இருந்தால், சோப்போ டிடர்ஜெண்டோ போதுமான அளவு கரைந்ததும் சுமார் 30-க்கு இறங்கிவிடும். மிதக்கும் ஊசிக்குப் பக்கத்தில் ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டுப் பாருங்கள், ஊசி உடனே மூழ்கும். உருண்டு நின்ற தண்ணீர் இப்போது பரவுகிறது, நூலுக்குள் புகுகிறது.

அழுக்கு எப்படிக் கிளம்புகிறது?

நூலுக்குள் புகுவது முதல் வேலைதான். அடுத்து, சோப்பின் வால்கள் எண்ணெய்ப் பூச்சுக்குள் குத்திக்கொண்டு, தலைகள் தண்ணீர்ப் பக்கம் நிற்கின்றன. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த விறைப்பும் இதனால் குறைகிறது. நூலோடும் தண்ணீர் நெருங்கி வருகிறது. எண்ணெய் நூலின் மேல் பரவிக் கிடக்க முடியாமல் ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி மணியாக உருள்கிறது. பரவிக் கிடக்கும் எண்ணெயை யாரும் பிய்க்க முடியாது. ஆனால் மணியாக உருண்டு ஒட்டிக்கொண்டிருப்பதை ஒரு கசக்கு, ஒரு அடி கிளப்பிவிடும். கல்லில் அடிப்பதும் கையால் கசக்குவதும் இயந்திரம் சுழற்றுவதும் இந்தக் கட்டத்துக்குத்தான்.

கிளம்பிய எண்ணெய் மணியைச் சுற்றிலும் சோப்புத் தலைகள் வேலி போட்டுக்கொள்கின்றன. அந்தத் தலைகளுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. சோப்பு நீரில் நனைந்த துணிக்கும் அதே மின்னூட்டம்தான். ஒரே மின்னூட்டம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். ஆகவே எண்ணெய் மணி மறுபடி துணியில் உட்காராமலும், மற்ற மணிகளோடு சேர்ந்து பெரிய எண்ணெய்த் துளியாகாமலும் தண்ணீரிலேயே மிதக்கிறது. அலசும்போது தண்ணீரோடு போகிறது. நம் பாட்டிமார் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் போட்டு எண்ணெய் எடுத்ததும் இதே முறைதான். அவற்றில் உள்ள நுரைப் பொருளுக்கும் தண்ணீர்ப் பக்கம் ஒன்று, எண்ணெய்ப் பக்கம் ஒன்று என இரு முனை உண்டு.

எண்ணெய் உருள வேண்டுமானால் அது இளகியிருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். மார்கழிக் குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெயும், நெய்யும் குளிர்ந்த தண்ணீரில் லேசில் கிளம்பாது. அங்கே சோப்பை மாற்றுவதைவிட வெதுவெதுப்பான தண்ணீரை மாற்றுவதே பலன் தரும்.

போர்வெல் தண்ணீரில் என்ன கோளாறு?

இனி நம் 12 பெட்டிக்கு வருவோம். நிலத்தடித் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். இவை அதிகம் உள்ள தண்ணீரைக் கடின நீர் என்கிறோம். ஒரு கால்சியம் இரண்டு சோப்பு மூலக்கூறுகளின் தலைகளைப் பிடித்துக்கொள்ளும். தலையை இழந்த சோப்பு தண்ணீரில் கரையாது. தயிர் திரிந்ததுபோல் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மிதக்கும். அது அழுக்கையும் எடுக்காது, நுரையும் தராது. தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் எல்லாம் இப்படிச் சோப்பைத் தின்று தீர்த்த பிறகு போடும் சோப்புதான் வேலைக்கு மிஞ்சும்.

எவ்வளவு தின்னும்? ஆசிரியர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு லிட்டர் தண்ணீரில் 500 மில்லிகிராம் கடினத்தன்மை இருந்தால் சுமார் 3 கிராம் சுத்தமான சோப்புப் பொருள் வீணாகும். 10 லிட்டர் வாளிக்கு 30 கிராம். கடையில் விற்கும் கட்டி முழுவதும் சோப்புப் பொருள் அல்ல. ஈரமும் மற்றவையும் சேர்ந்தது. கொழுப்புப் பொருள் 60 சதவீதம் உள்ள கட்டியானால், அந்த 30 கிராமுக்கு சுமார் 46 கிராம் கட்டி கரைய வேண்டும். அத்தனையும் ஒரு வேட்டிக்குக்கூட உதவாமல் வாளியிலேயே திரிந்து போகும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை 200 வரை ஏற்புடையது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. அதாவது குடிக்க அனுமதியுள்ள தண்ணீரே சோப்பை இவ்வளவு தின்னும்.

கல்லில் துணியை வைத்து நேராகச் சோப்புத் தேய்ப்பவர்களுக்கு இந்தச் சேதம் முதலில் தெரியாது. துணியில் உள்ள தண்ணீர் கொஞ்சம், தேய்க்கும் சோப்பு அதிகம். ஆகவே நுரை வந்து அழுக்கும் கிளம்பிவிடும். ஆபத்து அலசும்போது வருகிறது. சோப்போடு உள்ள துணியை நிறையக் கடின நீரில் முக்கியதும், துணிக்குள் இருக்கும் சோப்பு அங்கேயே திரிந்து நூலில் படிகிறது. கிளம்பிய அழுக்கையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு சலவையில் தெரியாது. பத்து சலவையில் வெள்ளை வேட்டி மங்கிப் பழுப்படிக்கும், துண்டு விறைக்கும், தண்ணீரை உறிஞ்சாது. அந்தப் பெண்கள் சொன்ன குறை அத்தனையும் இதுவே.

மூன்று பாட்டில் சோதனை

கணக்கை நம்பினாலும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. திரும்பி வந்த பெட்டியிலிருந்தே ஒரு கட்டியை எடுத்து 10 கிராம் சீவி, 1 லிட்டர் வெதுவெதுப்பான மழைத் தண்ணீரில் கரைத்தோம். ஒரே அளவான மூன்று கண்ணாடிப் பாட்டிலில் 100 மில்லி வீதம் மழைத் தண்ணீர், ஊர்க் குழாய்த் தண்ணீர், குடியிருப்பின் போர்வெல் தண்ணீர் ஊற்றினோம். மருந்துக்குப் பயன்படும் 5 மில்லி கரண்டியால் சோப்புக் கரைசலை ஒவ்வொரு கரண்டியாக விட்டு, மூடிக் குலுக்கி, நுரை ஐந்து நிமிடம் நிற்கிறதா என்று பார்த்தோம்.

மழைத் தண்ணீரில் ஒரே கரண்டியில் நுரை நின்றது. குழாய்த் தண்ணீரில் 3 கரண்டி. போர்வெல் தண்ணீரில் 3, 5, 8 என்று விட விடத் திரிதிரியாக வெண்மை கூடியதே தவிர நுரை நிற்கவில்லை. 11-வது கரண்டியில்தான் நின்றது. சில்லறை வணிகர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, பத்து கரண்டியைத் தண்ணீர் குடித்துவிட்டதே" என்றார்.

அந்தப் பத்து கரண்டிக்குக் கணக்கு உண்டு. 60 சதவீதக் கட்டியில் இதே அளவுகளில் செய்தால், மழைத் தண்ணீருக்கு மேல் கூடுதலாகப் போகும் ஒவ்வொரு கரண்டியும் சுமார் 50 மில்லிகிராம் கடினத்தன்மையைக் காட்டும். பத்து கரண்டி என்றால் 500-க்குச் சற்று மேல். பின்னர் அந்தத் தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தபோது 520 என்று எழுதி வந்தது. கொழுப்புப் பொருள் குறைந்த கட்டியானால் கரண்டிக் கணக்கு மாறும். ஆனால் சோப்பில் குறையா, தண்ணீரில் குறையா என்று முடிவு செய்ய அந்தக் கணக்குகூடத் தேவையில்லை. மழைத் தண்ணீரில் நன்றாக நுரைத்து, வாடிக்கையாளர் வீட்டுத் தண்ணீரில் திரிந்தால் குறை தண்ணீரில். மழைத் தண்ணீரிலேயே நுரைக்காவிட்டால் சரக்கில் குறை, தாராளமாகத் திருப்பி அனுப்பலாம். மழைத் தண்ணீர் கிடைக்காத நாளில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும்.

டிடர்ஜெண்ட் ஏன் திரிவதில்லை?

அதே போர்வெல் தண்ணீரில் சலவைத் தூள் கொஞ்சம் போட்டுக் குலுக்கியதும் நுரை எழுந்தது. டிடர்ஜெண்டுக்கும் தலையும் வாலும் உண்டு, வேலையும் அதேதான். தலை மட்டும் வேறு வகை. நம் வணிகத்தில் ஆசிட் ஸ்லரி என்று சொல்கிறோமே, அதைக் காரத்தோடு சேர்த்தால் வருவது இந்த வகை. அதற்கு மூலமான பொருள் சென்னை மணலியிலும் தயாராகிறது. இதன் தலையைக் கால்சியம் பிடித்தாலும் சோப்பைப்போல் உடனே திரிந்துவிடாது. பாதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் தூளில் சலவை சோடா போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். அவை முந்திக்கொண்டு கால்சியத்தைப் பிடித்துவிடும்.

இதிலிருந்து சோப்பு வாங்குபவர்களுக்கும் ஒரு வழி கிடைக்கிறது. 500 அளவு கடினத்தன்மை உள்ள 10 லிட்டர் தண்ணீருக்கு, பளிங்குபோல் கட்டியாக உள்ள சலவை சோடாவானால் சுமார் 15 கிராம், உலர்ந்த தூள் சோடாவானால் 5 முதல் 6 கிராம் போட்டுக் கலக்கி அரை மணி நேரம் விட்டால் கால்சியத்தின் பெரும்பகுதி சுண்ணாம்பாக அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீரில் சோப்பு வேலை செய்யும். முதல் அலசலுக்கும் இந்தத் தண்ணீரே நல்லது. பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. கையில் புண் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

நுரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுரை அழுக்கை எடுப்பதில்லை. சோப்பில் நுரை நின்றால், தண்ணீர் தின்றது போக மிச்சம் இருக்கிறது என்று பொருள். தூள் போட்ட வாளியில் முதலில் இருந்த நுரை துணி போட்டதும் அடங்கினால், எண்ணெய் அதைச் செலவழித்துவிட்டது என்று பொருள். அப்போது இன்னும் கொஞ்சம் தூள் போடலாம். நுரை நின்றுகொண்டிருக்கும்போதே மேலும் போடுவது வீண். ஒரு அளவுக்கு மேல் பரப்பு இழுவிசை இறங்குவதில்லை. மிஞ்சிய தூளை அலசி எடுக்கத் தண்ணீர்தான் கூடுதலாகச் செலவாகும்.

நம்மால் ஆகாதவை

எண்ணெய்ப் பசை அல்லாத கறைக்கு இந்த வழி உதவாது என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். துரு, தேநீர், மஞ்சள் ஆகியவை நிறம் ஏறிய கறைகள். அதிலும் சாம்பார்க் கறையில் சோப்புப் போட்டதும் சிவந்து போனால், "சோப்பில் ஏதோ மருந்து கலந்திருக்கிறது" என்று சண்டைக்கு வருவார்கள். மஞ்சள் காரத்தில் சிவப்பது அதன் இயல்பு. நன்றாக அலசிக் காரம் போனதும் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். எண்ணெயைச் சோப்பு எடுத்துவிடும். மிஞ்சும் மஞ்சள் நிறம் வெயிலில் உலர்த்த உலர்த்த மங்கும்.

பிறகு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். 12 பெட்டியையும் ஊருக்குள் குழாய்த் தண்ணீர் உள்ள பகுதிக் கடைகளுக்குப் பிரித்து அனுப்பினோம். ஒரு கட்டிகூடத் திரும்பவில்லை. புதிய குடியிருப்புக் கடைக்கு டிடர்ஜெண்ட் கட்டியும் தூளும், கூடவே சலவை சோடாவும் கொடுத்தோம். அவர் அந்த மூன்று பாட்டிலையும் நம்மிடமே வாங்கிக்கொண்டு போய்க் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். குறை சொல்லி வந்த பெண்களிடம், "உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு டம்ளர் கொண்டு வாருங்கள் அம்மா" என்று சொல்லி அவர்கள் கண்முன்னே குலுக்கிக் காட்டினார். நால்வரில் மூவர் திரும்பவும் அவரிடமே மாதச் சாமான் வாங்குகிறார்கள்.

தயாரிப்பாளருக்கு நிறுத்திய பாக்கியை அந்த வாரமே அனுப்பினோம். எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற முடியாதல்லவா? நேரில் போய் வருத்தம் தெரிவித்தோம். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "இனி அந்தப் பகுதிக்குக் கேட்டால் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், முதலாளி" என்றார். இப்போது நம் பேரேட்டில் ஒவ்வொரு சில்லறைக் கடையின் பெயருக்குப் பக்கத்திலும் அந்தப் பகுதியில் ஆற்றுத் தண்ணீரா, போர்வெல் தண்ணீரா என்று குறித்து வைத்திருக்கிறோம். சோப்புக்கு ஆர்டர் எடுக்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான்.